மத்திய சேம நிதியும் வருமான வரியும்: சிங்கப்பூர்ச் சம்பளக் கணக்கை எந்த வரிசையில் போடுவது?

சிங்கப்பூரில் சிறிய நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் சதவீதத்தில் தடுமாறுவதில்லை. எந்தத் தொகைக்கு அந்தச் சதவீதத்தைப் போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு (மசேநி) உரிய விதியை வரிக்குப் போடுவார்கள், வரிக்கு உரியதை மசேநிக்குப் போடுவார்கள். கீழே சொல்லும் வரிசையில் போனால் அந்தக் குழப்பம் வராது.

ஒரே ஒரு ஊழியரைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். வயது 30, சிங்கப்பூர்க் குடியுரிமை, மாதச் சம்பளம் 9,000 வெள்ளி, மார்ச் மாதத்தில் 18,000 வெள்ளி போனஸ். கணக்கு முழுவதும் 2026ஆம் ஆண்டுக்கானது.

1. முதலில் மூன்று தகவல்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

பிறந்த தேதி வேண்டும். மசேநி விகிதம் வயதைப் பொறுத்தது. 55 வயது வரை ஊழியர் 20%, முதலாளி 17%. 55க்கு மேல் 60 வரை ஊழியர் 18%, முதலாளி 16%. அதற்குப் பிறகும் படிப்படியாகக் குறையும். பிறந்தநாள் அன்றே விகிதம் மாறாது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் மாறும். வருமான வரியின் விகிதத்துக்கும் வயதுக்கும் தொடர்பில்லை.

குடியுரிமை நிலை வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே மசேநி. வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ இ பாஸிலோ இருப்பவருக்கு மசேநி கிடையாது, ஆனால் வருமான வரி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் சம்பளச் சீட்டில் மசேநிக்கான இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "கம்பெனி எனக்குக் கட்டாமல் ஏமாற்றுகிறதா?" என்று கேட்பதுண்டு. அது ஏமாற்று அல்ல, சட்டமே அப்படித்தான். நிரந்தரவாசி என்றால், அந்தத் தகுதி கிடைத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏன் என்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக, ஜனவரியிலிருந்து இந்த மாதம் வரை அதே நிறுவனத்தில் என்னென்ன கொடுக்கப்பட்டது என்ற பட்டியல். மாதச் சம்பளத்துக்கு இது தேவைப்படாது. போனஸ் வரும்போது இது இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

2. கணக்குப் போடும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்

மசேநிக்கு மூடி உண்டு. ஒரு குறிப்பிட்ட தொகை வரை ஒரே விகிதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வரிக்கு மூடி இல்லை, படிக்கட்டு உண்டு. முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. அதற்கு மேல் ஏற ஏற விகிதமும் ஏறும்.

இன்னொன்று, மசேநி மாதாமாதம் முடிந்துவிடும் கணக்கு. வரி ஆண்டு முடிந்த பிறகு போடும் கணக்கு. சிங்கப்பூரில் முதலாளி மாதச் சம்பளத்திலிருந்து வரியைப் பிடிப்பதில்லை. ஊழியரே அடுத்த ஆண்டில் கட்டுகிறார். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். சம்பளச் சீட்டில் 20% கழிந்திருப்பதைப் பார்த்து அதையே வரி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய சொந்த மசேநிக் கணக்கில் சேர்ந்திருக்கும் பணம். வரி இனிமேல்தான் வரும்.

அதனால்தான் மசேநியை முதலில், வரியைக் கடைசியில் என்று வரிசை வைத்திருக்கிறேன். ஊழியரின் மசேநிப் பங்கு வரிக் கணக்கில் கழிவாக வருகிறது. அந்த எண் தெரியாமல் வரியைப் போட முடியாது.

3. சம்பளத்தைச் சாதாரணம், கூடுதல் என இரண்டாகப் பிரியுங்கள்

மசேநிச் சட்டத்தில் இரண்டு வகைச் சம்பளம் உண்டு. ஒரு மாதத்தின் வேலைக்காக மட்டுமே உரிய தொகையாகவும், அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டியதாகவும் இருந்தால் அது சாதாரணச் சம்பளம். இந்த இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது கூடுதல் சம்பளம்.

மாதச் சம்பளம் சாதாரணம், ஆண்டு போனஸ் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். கமிஷனில்தான் தவறு நடக்கிறது. மே மாத விற்பனைக்கான கமிஷன் ஜூன் 5ஆம் தேதி சம்பளத்தோடு வருகிறது என்றால், அது மே மாதத்தின் சாதாரணச் சம்பளம். அதே கமிஷனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் சம்பளம். தொகை ஒன்றுதான், ஆனால் அது போய் மோதும் உச்சவரம்பு வேறு. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், எந்தக் காலத்துக்கு, எப்போது என்பதைப் பாருங்கள்.

வரிக்கு இந்தப் பிரிவினை தேவையில்லை. அங்கே எல்லாம் ஒரே வருமானம்.

4. மாத உச்சவரம்பைப் போடுங்கள்

2026 ஜனவரி முதல் சாதாரணச் சம்பளத்துக்கு மாத உச்சவரம்பு 8,000 வெள்ளி. 2025இல் இது 7,400. பழைய எக்செல் தாளை அப்படியே நகலெடுத்து ஆண்டைத் தொடங்கினால் முதல் மாதமே தவறிவிடும்.

நம் ஊழியருக்கு 9,000 வெள்ளி. மசேநிக்கு எடுத்துக்கொள்வது 8,000 மட்டும். ஊழியர் பங்கு 1,600, முதலாளி பங்கு 1,360, மொத்தம் 2,960. மிச்சமிருக்கும் 1,000 வெள்ளி மசேநி இல்லாமல் முழுதாகக் கைக்குப் போகிறது.

இந்த வரம்பு மாதத்துக்கு மாதம் தனித்தனி. ஒரு மாதத்தில் பயன்படாத இடத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துப்போக முடியாது. கமிஷன் வாங்கும் ஒருவருக்கு ஏப்ரலில் 5,000, மே மாதத்தில் 11,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி "சராசரி 8,000தானே, முழுவதற்கும் போடலாம்" என்று புதியவர் ஒருவர் என்னிடமே வாதாடினார். சரியான கணக்கு ஏப்ரலுக்கு 5,000, மே மாதத்துக்கு 8,000, ஆக 13,000தான். சராசரி பார்ப்பது ஆண்டுக் கணக்கான வரியின் பழக்கம். அதை இங்கே கொண்டுவரக் கூடாது.

5. முதலாளி பங்கைச் சம்பளத்துக்கு வெளியே வையுங்கள்

முதலாளியின் 17% சம்பளத்துக்கு மேல் கொடுப்பது. சம்பளத்திலிருந்து அதைக் கழிக்கச் சட்டம் இடம் தராது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறு கடையின் சம்பளச் சீட்டு என் மேசைக்கு வந்தது. 2,000 வெள்ளிச் சம்பளத்தில் 740 வெள்ளி கழிந்திருந்தது. 37 சதவீதமும் ஊழியர் தலையிலேயே விழுந்திருக்கிறது! கழித்திருக்க வேண்டியது 400 வெள்ளி. இணையத்தில் மசேநிக் கணக்கைத் திறந்து பார்த்தால் 740 வெள்ளி சரியாகச் சேர்ந்திருந்தது, அதனால் அந்த ஊழியருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மசேநி அறிக்கையை மட்டும் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது. வங்கிக்கு வந்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சில்லறையைச் சரிசெய்யும் முறையும் இங்கேதான் வருகிறது. இரண்டு பங்குகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டக் கூடாது. முதலில் மொத்தத்தைக் கண்டுபிடித்து, அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து ஊழியர் பங்கைக் கண்டுபிடித்து, காசுகளை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முதலாளி பங்கு.

சம்பளம் 2,343 என்று வையுங்கள். 37% என்பது 866.91, ஆக மொத்தம் 867. 20% என்பது 468.60, காசை விட்டால் 468. முதலாளி பங்கு 399. தனித்தனியாகப் போட்டிருந்தால் 469, 398 என்று வந்திருக்கும். கூட்டினால் அதுவும் 867தான், அதனால் மொத்தத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. ஊழியரிடம் ஒரு வெள்ளி அதிகம் பிடித்திருப்போம். ஒரு வெள்ளிதானே என்று விடக் கூடாது, அது அவருடைய சம்பளம்.

வரியில் முதலாளி பங்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. அது முழுக்க ஊழியரின் பொறுப்பு.

கணக்கு முடிந்ததும் பணத்தை எப்போது கட்டுவது? மாதக் கடைசி நாளுக்குள். அடுத்த மாதம் 14 வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் மாதத்துக்கு 1.5% வட்டி.

6. போனஸ் வந்தால் ஆண்டு வரம்புக்குப் போங்கள்

போனஸுக்கு 8,000 வெள்ளி வரம்பு பொருந்தாது. அதற்குத் தனிச் சூத்திரம். அதில் வரும் 102,000 என்பது இரண்டு வகைச் சம்பளத்துக்கும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் உள்ள வரம்பு:

கூடுதல் சம்பள உச்சவரம்பு = 102,000 − அந்த ஆண்டில் மசேநிக்கு உட்பட்ட சாதாரணச் சம்பளம்

"மசேநிக்கு உட்பட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 108,000. அதைக் கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும், "போனஸுக்கு மசேநியே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். கழிக்க வேண்டியது 8,000 × 12, அதாவது 96,000. விடை 6,000.

ஆக 18,000 போனஸில் 6,000 வெள்ளிக்கு மட்டும் மசேநி. ஊழியர் பங்கு 1,200, முதலாளி பங்கு 1,020. மீதி 12,000 வெள்ளி நேராகக் கைக்கு.

ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள். ஊழியர் பங்கு 20,400, முதலாளி பங்கு 17,340, மொத்தம் 37,740. இது 102,000இன் 37%. இந்த வயதுப் பிரிவில் ஆண்டு முழுதும் ஒரே நிறுவனத்தில் இருப்பவரின் கணக்கு இந்த எண்ணைத் தாண்டியிருந்தால், எங்கோ தவறியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மார்ச்சில் போனஸ் கொடுக்கும்போது மீதி ஒன்பது மாதச் சம்பளம் இன்னும் நடக்கவில்லை. அதை மதிப்பிட்டுத்தான் 96,000 என்று வைத்தோம். அப்புறம் அந்த மதிப்பீடு தவறினால்?

7. இடையில் விலகினால் போனஸ் கணக்கைத் திரும்பப் போடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். நம் ஊழியர் ஜூன் 30ஆம் தேதி விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிறுவனத்தில் அவருடைய மசேநிக்கு உட்பட்ட சாதாரணச் சம்பளம் ஆறு மாதத்துக்கு 48,000 மட்டும். இப்போது கூடுதல் சம்பள உச்சவரம்பு 102,000 − 48,000 = 54,000. மார்ச்சில் கொடுத்த 18,000 முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அப்போது 6,000க்கு மட்டுமே கட்டினோம். விட்டுப்போன 12,000 வெள்ளிக்கு இப்போது கட்ட வேண்டும். ஊழியர் பங்கு 2,400, முதலாளி பங்கு 2,040.

ஊழியர் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். ஜூன் சம்பளம் 9,000. வழக்கமான 1,600 போய், கூடவே 2,400ம் போனால் கைக்கு 5,000தான். வேலையை விட்டுப் போகிற மாதம், அடுத்த வேலைக்கு நடுவில் ஒரு இடைவெளிகூட இருக்கலாம். பணம் அவருடைய மசேநிக் கணக்கில்தான் சேர்கிறது, முதலாளியின் 2,040ம் கூடவே வருகிறது, அதனால் நஷ்டம் இல்லை. ஆனாலும் முன்கூட்டிச் சொல்லாமல் 5,000 வெள்ளியை வங்கியில் போட்டால் அவருக்கு அது அதிர்ச்சி. விலகல் கடிதம் வந்த அன்றே கணக்குப் போட்டு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

விலகாதவருக்கும் டிசம்பரில் ஒருமுறை சரிபாருங்கள். நடுவில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் சாதாரணச் சம்பளம் குறைந்திருக்கும், போனஸ் வரம்பு அதற்கேற்ப உயர்ந்திருக்கும்.

இந்த வரம்பு ஒவ்வொரு முதலாளிக்கும் தனி. ஜூலையில் புது நிறுவனத்தில் சேர்ந்தால் அங்கே கணக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வருமான வரியிலோ இரண்டு நிறுவனத்துச் சம்பளமும் ஒரே இடத்தில் கூடும்.

8. இப்போது வரியைப் போடுங்கள்

நம் ஊழியரை மறுபடி ஆண்டு முழுதும் அதே வேலையில் வைப்போம். வருமானம் 108,000 + 18,000 = 126,000. இங்கே எந்த மூடியும் இல்லை. மசேநிக்கு வெளியே நின்ற 24,000 வெள்ளியும் உள்ளே வருகிறது.

முதலாளி கட்டிய 17,340ஐ இதில் சேர்க்காதீர்கள். சட்டப்படி கட்டாயமான முதலாளி பங்கு ஊழியரின் வரிக்குரிய வருமானம் அல்ல. தெரியாமல் சேர்த்தால் இந்த ஊழியரின் வரி இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கூடிவிடும். ஆனால் நிறுவனம் 8,000 வரம்பைப் பாராமல் முழு 9,000க்கும் 17% கொடுத்திருந்தால், மாதத்துக்கு அந்த அதிகப்படி 170 வெள்ளி கட்டாயப் பங்கு அல்ல, வருமானத்தில் சேரும். தாராளமாகக் கட்டுகிறோம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

கழிவுகளுக்கு வருவோம். ஊழியரின் மசேநிப் பங்கு 20,400. 55 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு உழைப்பு வருமானக் கழிவு 1,000. வேறு கழிவுகள் இல்லை என்று வைத்தால் வரிக்குரிய தொகை 104,600.

முதல் 80,000 வெள்ளிக்கு வரி 3,350. அடுத்த 24,600 வெள்ளி 11.5% படியில் இருக்கிறது, அதற்கு 2,829. மொத்தம் 6,179 வெள்ளி. 2026இல் சம்பாதித்த பணத்துக்கு இது 2027ஆம் மதிப்பீட்டு ஆண்டின் வரி.

போனஸின் இரண்டு பகுதிகளையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உச்சவரம்பு செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும். மசேநிக்கு உட்பட்ட 6,000 வெள்ளியில் 1,200 கழிந்தது, அந்த 1,200க்கு வரி இல்லை, முதலாளி 1,020 மேலே போட்டார். வரம்பைத் தாண்டிய 12,000 வெள்ளியில் எதுவும் கழியவில்லை, முதலாளியும் எதுவும் போடவில்லை, ஆனால் அந்த 12,000க்கும் 11.5% வரி, அதாவது 1,380 வெள்ளி. போனஸ் கைக்கு வந்த மாதத்தில் அது தெரியாது, ஓராண்டு கழித்து வரி அறிக்கை வரும்போதுதான் தெரியும். அதனால் பெரிய போனஸ் வாங்குபவரிடம் அந்தத் தொகையை அப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்வேன். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் ஜைரோ மூலம் 12 தவணையாகக் கட்டலாம்.

நிறுவனத்தின் பக்கம் செய்ய வேண்டியது, ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் IR8A படிவ விவரத்தை வரித்துறைக்கு மார்ச் 1க்குள் அனுப்புவது. அதில் வருமானம் 126,000 என்றும் ஊழியர் மசேநி 20,400 என்றும் இருக்க வேண்டும். மசேநி கழித்த தொகையை வருமானம் என்று எழுதிவிட்டு, மசேநியைத் தனியாகவும் காட்டினால் ஒரே கழிவு இரண்டு முறை போய்விடும்.

9. நிரந்தரவாசி ஆனவரின் முதல் இரண்டு ஆண்டுகள்

நிரந்தரவாசம் கிடைத்தவுடன் முழு விகிதம் வந்துவிடாது. 55 வயது வரை உள்ளவருக்கு முதல் ஆண்டில் ஊழியர் 5%, முதலாளி 4%. இரண்டாம் ஆண்டில் ஊழியர் 15%, முதலாளி 9%. மூன்றாம் ஆண்டு முதல் முழு விகிதம். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் முன்பே உயர்த்திக்கொள்ளலாம்.

ஆண்டு என்பது ஜனவரி முதல் அல்ல. 2026 மார்ச் 15ஆம் தேதி நிரந்தரவாசி ஆனவருக்கு முதல் ஆண்டு விகிதம் 2027 மார்ச் 31 வரை. ஏப்ரல் 1 அன்று இரண்டாம் ஆண்டு தொடங்கும். அந்த மாதம் 9,000 வெள்ளிச் சம்பளக்காரருக்குக் கழிவு 400இலிருந்து 1,200க்கு ஏறும், 2028 ஏப்ரலில் 1,600 ஆகும். இது 8,000 வரம்பு அப்படியே இருக்கும் என்று வைத்துச் சொல்வது.

வரியில் இவருக்குப் படிப்படியான விகிதம் எதுவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், முதல் ஆண்டில் மசேநிப் பங்கு சிறியது என்பதால் கழிவும் சிறியது, அதே சம்பளம் வாங்கும் குடிமகனைவிட வரி கூடுதலாகவே வரும். நிரந்தரவாசி ஆன தேதியைச் சம்பள மென்பொருளில் ஏற்றும்போதே, அடுத்த இரண்டு மாற்றத் தேதிகளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஊழியருக்கும் அந்த இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.